சாவிக்கொத்தை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூடிய கூட்டத்தில் ஒருவராவது "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று கத்துவார். உடனே யாருடைய வண்டிச் சாவியோ விழுந்தவரின் கைக்குள் திணிக்கப்படும். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கழிந்ததும் உதறல் நின்றுவிடும். சாவி கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு பேருந்து ஏறுவார். அவர் கண்ணால் கண்டது பொய்யில்லை. ஆனால் சாவி கொடுக்காமல் இருந்திருந்தாலும் உதறல் அதே நேரத்தில் நின்றிருக்கும். இத்தனை தலைமுறையாகச் சாவி வைத்தியம் தோற்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூளையின் நரம்புச் செல்கள் ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் மின்துடிப்பை வெளியிடும்போது முதலில் உடம்பு மரக்கட்டையாக விறைக்கிறது. நெஞ்சுத் தசைகள் இறுகுவதால் உள்ளிருக்கும் காற்று குரல்வளை வழியாகப் பீறிட்டு, சிலர் விழும்போது பயங்கரமாக அலறுவார்கள். அது வலியால் வரும் அலறல் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு நினைவே இருக்காது. மூச்சுத் தசைகளும் விறைத்திருப்பதால் உதடு நீலம் பாரிக்கும். பத்து, இருபது நொடியில் விறைப்பு உதறலாக மாறும். விழுங்க முடியாத எச்சில் நுரையாகும். நாக்கின் ஓரம் கடிபட்டால் நுரையோடு ரத்தமும் வரும். பிறகு உதறல்களுக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போய், பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். இதை வெளியிலிருந்து யாரும் நிறுத்த முடியாது. பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது, அடங்கும்வரை அடிபடாமல் பார்த்துக்கொள்வதும், அடங்காவிட்டால் அதை நேரத்தோடு கண்டுகொள்வதும்தான்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது இருபத்து நான்கு, எடை ஐம்பது கிலோ, கல்யாணமாகி ஆறு மாதம். வார்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற பல குடும்பங்களின் கதையை ஒன்றாக்கிச் சொல்கிறேன். முந்தைய இரவு உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் விடிய விடிய வேலை. காலை ஆறரைக்கு அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அலறிக்கொண்டு விழுகிறாள். மாமியார் ஓடி வருகிறார். கணவர் பின்னாலேயே வருகிறார்.

முதலில் அணைக்கவேண்டியது அடுப்பு. பால் பாத்திரத்தை எட்டத் தள்ளிவைக்க வேண்டும். அவளை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. சூடு, தண்ணீர், படிக்கட்டு, சாலை போன்ற ஆபத்து பக்கத்தில் இருந்தால் மட்டுமே ஆளை நகர்த்தலாம். மற்றபடி பொருள்களைத்தான் நகர்த்த வேண்டும். தலைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று போதும். கிடைக்காவிட்டால் நம் உள்ளங்கைகளே தாங்கும். கண்ணாடி அணிந்திருந்தால் கழற்றி, கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்தி, கூடவே மணியைப் பார்க்க வேண்டும். இந்த மணி பார்ப்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பதறிய மனதுக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும் என்பதால், "ரொம்ப நேரம் இழுத்துச்சு டாக்டர்" என்ற வாக்கியத்தை வைத்து மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடியாது.

கையையும் காலையும் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். வலிப்பில் சுருங்கும் தசையின் வலு அதிகம். அதை எதிர்த்து அமுக்கினால் தோள்மூட்டு விலகலாம், எலும்பு முறியலாம். வாய்க்குள் கரண்டி வைப்பதும் அப்படித்தான். நாக்கை விழுங்கிவிடுவார் என்ற பயத்தில் செய்கிறார்கள். நாக்கு வாயின் அடித்தளத்தோடு பிணைந்தது, அதை யாராலும் விழுங்க முடியாது. கரண்டி வைத்தால் உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போகலாம், விரலை விட்டால் விரல் துண்டாகலாம். கடிபட்ட நாக்கு சில நாளில் தானாக ஆறிவிடும்.

உதறல் தளரும்போதே, முடிந்தால் அதற்கும் முன்பே, அவளை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். இடப்பக்கமாக இருந்தால் நல்லது. மேல் காலை மடக்கி முன்னே வைத்து, முகம் சற்றே தரையை நோக்கும்படி சாய்த்தால் எச்சிலும் ரத்தமும் வெளியே வடியும். மல்லாந்து கிடந்தால் அதே எச்சில் நுரையீரலுக்குள் போகும். முதலுதவியில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் கதையில் கணவர் பார்த்த கணக்குப்படி இரண்டு நிமிடத்தில் உதறல் நின்றது. பிறகு குறட்டை போல மூச்சு, குழறல், யாரையும் அடையாளம் தெரியாத பார்வை. இந்தக் கட்டம் அரை மணி நேரம்கூட நீடிக்கலாம். இந்த நேரத்தில் முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது. சோடா, காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. பெயரையும் இருக்கும் இடத்தையும் சரியாகச் சொல்லும்வரை சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். எழுந்து நடக்கப் பார்த்தால் இறுக்கிப் பிடிக்காமல் கூடவே நடக்க வேண்டும். குழம்பிய மனநிலையில் பிடிப்பவரைத் தள்ளிவிடுவார்கள், அடிக்கவும் செய்வார்கள். அது அவர்களுடைய குணம் இல்லை.

நோய் இருப்பது தெரிந்த ஒருவருக்கு, வழக்கம்போல வந்து வழக்கம்போல அடங்கிய வலிப்புக்காக ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். அதற்குமேல் போன வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. நீள நீள மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாது. அரை மணி நேரம் போனால் மூளைச் செல்களே பாதிக்கப்படலாம். ஐந்து நிமிடம் ஆகாவிட்டாலும், முதல் வலிப்பிலிருந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தால் உடனே அழைக்க வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக வந்த வலிப்பு, கர்ப்பிணிக்கு வந்தது, சர்க்கரை நோயாளிக்கு வந்தது, தலையில் அடிபட்டது, உதறல் நின்றும் மூச்சு சீராகாதது, இவையும் காத்திருக்கக் கூடாதவை. தண்ணீருக்குள் வலிப்பு வந்தவர் பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். நுரையீரலுக்குள் போன நீரின் விளைவு சில மணி நேரம் கழித்துத் தெரியக்கூடும்.

நீண்ட வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு மருத்துவர்கள் மிடசோலம் என்ற மூக்கு ஸ்பிரேயை எழுதித் தருவதுண்டு. வழக்கமான அளவு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஐம்பது கிலோ எடைக்குப் பத்து மில்லிகிராம். ஒரு அழுத்தலுக்கு 1.25 மில்லிகிராம் வரும் பாட்டிலாக இருந்தால், ஒரு மூக்குத் துவாரத்துக்கு நான்கு வீதம் மொத்தம் எட்டு அழுத்தல். ஆனால் கடையில் 0.5 மில்லிகிராம் வரும் பாட்டிலும் கிடைக்கிறது. அதில் எட்டு அழுத்தல் கொடுத்தால் பாதி மருந்துகூடப் போய்ச் சேராது. அதனால் எந்தப் பாட்டில், எத்தனை அழுத்தல், எந்த நிமிடத்தில் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுவது நல்லது. மருந்து கொடுத்தபின் மூச்சு மந்தமாகிறதா என்று பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இதுவே முதல் வலிப்பு என்று நம்பிய கணவர் வீட்டார், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் இன்னும் முழுதாகத் தெளியாத நிலையிலேயே இரண்டாவது வலிப்பு வந்தது. அங்கே செவிலியர் செய்ததும் அடிப்படையில் வீட்டில் செய்வதுதான். கருவிகள் மட்டும் கூடுதல். ஒருக்களித்துப் போட்டு, வாயோரத்து எச்சிலை உறிஞ்சி, ஆக்சிஜன் வைத்தார். விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார். சர்க்கரை தாழ்ந்தாலும் வலிப்பு வரும் என்பதால் இந்தச் சோதனையை யாருக்கும் விடுவதில்லை. மருத்துவர் சொன்னபடி லோரசிபாம் நான்கு மில்லிகிராமை நரம்பில் மெதுவாக, இரண்டு நிமிடம் எடுத்துப் போட்டார். வலிப்பு நின்றது. அந்த மருந்து மூச்சையும் சேர்த்து அடக்கக்கூடியது. அதனால் வலிப்பு நின்றதும் கட்டிலை விட்டு நகராமல் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

கட்டிலைத் தாழ்த்தி, பக்கக் கம்பிகளை உயர்த்தி, அவற்றின் மேல் போர்வையைச் சுற்றிக் கட்டினார். உடல் சூட்டை அக்குளில் பார்த்தார். வலிப்பு வரக்கூடியவரின் வாயில் வெப்பமானி வைப்பதில்லை. பிறகு குறிப்பேட்டை எடுத்தார். எத்தனை மணிக்குத் தொடங்கியது, உதறல் ஒரு கையில் தொடங்கிப் பரவியதா, இரு பக்கமும் ஒரே நேரத்திலா, கண் எந்தப் பக்கம் திரும்பியது, சிறுநீர் போனதா, தெளிந்தபின் ஒரு கையோ காலோ சோர்ந்திருந்ததா என்று எழுதினார். வலிப்பு வரும் நேரத்தில் மருத்துவர் அநேகமாக அருகில் இருப்பதில்லை. மூளையின் எந்தப் பகுதியில் கோளாறு, எந்த மருந்து பொருந்தும் என்பதை அவர் ஊகிப்பது, கண்ணால் பார்த்தவர் சொல்வதை வைத்துத்தான். வீட்டில் ஒருவர் முதலுதவி செய்ய, மற்றவர் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது எத்தனையோ பக்க விவரிப்பைவிட உதவும். அதை உறவினர் குழுவில் பகிர்வது வேறு விஷயம். அதை மன்னிக்க முடியாது.

செவிலியர் மாமியாரிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கதையில் திருப்பம். "அம்மா, காலையில எழுந்ததும் கை கால் வெடுக்குனு தூக்கிப் போடுமா? சாமான் கீழ போடுவாங்களா?"

"ஆமா சிஸ்டர், காபி டம்ளரைக் குடுத்தா நழுவ விட்டுடுவா. கவனம் இல்லைன்னு எத்தனையோ தடவை திட்டியிருக்கேன்."

அப்புறம்தான் அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். பதினைந்து வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஃபெனிட்டாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, வீட்டில் ஆள் கூடிய இந்த வாரத்தில் நான்கு நாளாக விட்டுவிட்டாள். பதின்ம வயதில் தொடங்குவது, காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறுவது, தூக்கம் கெட்டால் வலிப்பு வருவது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது தனி வகை. மருத்துவர்கள் அதை இளம்பருவத் தசைத்துடிப்பு வலிப்பு என்பார்கள். இந்த வகையில் ஃபெனிட்டாயின் அந்தக் கை உதறலைக் கூட்டவும் செய்யலாம். இ.இ.ஜி. பார்த்தபின் மருத்துவர் மருந்தையே மாற்றினார். நழுவிய டம்ளர் ஆறு மாதமாக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை நோயின் அடையாளமாகக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஒளிப்பதற்குக் காரணம் தெரியாததல்ல. வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தையே செல்லாததாக்க இந்து திருமணச் சட்டத்திலேயே ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1999-இல் வந்த திருத்தம் வலிப்பை அதிலிருந்து நீக்கியது. சட்டம் நீக்கியதைச் சமையலறை இன்னும் நீக்கவில்லை. ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை கட்டாயம் ஒரு நாள் விடுபடும். கட்டுப்பாட்டில் இருந்த வலிப்பு திரும்ப வருவதற்கு முதல் காரணம் விடுபட்ட மாத்திரைதான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் செவிலியர் அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான். புதிய மருந்து லெவடிரசெட்டம், காலை ஒன்று, இரவு ஒன்று, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். ஒரு வேளை மறந்தால் நினைவுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. விரதம் என்று மாத்திரையை விடக் கூடாது, உணவை விட்டாலும் மாத்திரை உண்டு. வேறு ஏதோ அறுவை சிகிச்சைக்காக "வெறும் வயிற்றோடு வாங்க" என்றால், வலிப்பு மாத்திரை அதில் சேருமா என்று கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு வாய்த் தண்ணீரோடு போடத்தான் சொல்வார்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவைக்க வேண்டும். இந்த மருந்து சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். மருமகள் திடீரென்று சிடுசிடுப்பாகிவிட்டால் சண்டை போடாமல் மருத்துவரிடம் சொல்லச் சொன்னார். தானாக நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். தூக்கமும் மருந்தைப் போலத்தான். இந்த வகை வலிப்புக்காரர்களுக்கு இரவு முழுக்க விழித்திருக்கும் கல்யாணமும் திருவிழாவும் ஆகாது.

அடுத்தது வீடு. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல், "உள்ளே ஆள்" என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டால் போதும். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து மக்கால் ஊற்றிக் குளிக்கலாம். தண்ணீர் தேங்கும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. முகம் மூழ்கும் அளவு நீரே ஆளை மூச்சடைக்கப் போதும். கிணற்றடி, குளம், கடல் எதற்கும் தனியாகப் போகக் கூடாது. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில் அதிகம் பதிவான இன்னொரு வகை உண்டு: தலையில் சுடுதண்ணீரை மளமளவென்று ஊற்றும்போதே வரும் வலிப்பு. தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் வருகிறது என்று யாராவது சொன்னால் பேய், காற்று என்று தேடவேண்டாம். வெதுவெதுப்பான நீரை முதலில் உடம்பில் ஊற்றி, தலையை மெதுவாக நனைத்தாலே பலருக்கு நின்றுவிடும். நிற்காதவர்களுக்கு மருந்து இருக்கிறது.

சமையலை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று மாமியார் நினைத்தார். செவிலியர் ஒத்துக்கொள்ளவில்லை. "எழுந்ததும் முதல் ஒரு மணி நேரம் அடுப்புக்கிட்ட வேண்டாம். அதுக்கப்புறம் சமைக்கட்டும், வீட்ல ஆள் இருந்தா போதும்." வலிப்பு வரும் நேரம் எது என்று தெரிந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. பாத்திரங்களின் கைப்பிடி சுவர்ப்பக்கம் இருக்கட்டும். கொதிக்கும் குழம்பைத் தூக்கிக்கொண்டு நடக்காமல், தட்டை அடுப்பருகே கொண்டுவரட்டும். விறகடுப்பு இருக்கும் வீட்டில் விதி இன்னும் கடுமை, ஏனென்றால் விழுந்தால் விழுவது தீக்குள்ளேயே. படுக்கை தாழ்வாக, சுவரை ஒட்டாமல் இருக்கலாம். தரையில் பாய் இன்னும் நல்லது. ஸ்கூட்டர் சாவியை இப்போதைக்குக் கணவர் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவம் வலிப்பு நோயைப் பற்றி நேரடியாகவே கேட்கிறது.

இரவைப் பற்றிப் பேசப் பலர் தயங்குவார்கள். வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவில் திடீரென இறக்கிறார்கள். பெரும்பாலும் தூக்கத்தில், பல சமயம் குப்புறக் கிடந்த நிலையில். உடல் முழுவதும் இழுக்கும் வலிப்பு அடங்காமல் வந்துகொண்டிருப்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமல் குடும்பத்துக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அதே அறையில் ஒருவர் படுப்பதும், சத்தம் கேட்டால் எழுந்து ஒருக்களித்துப் போடுவதும், வலிப்பு முடிந்தபின்னும் மூச்சு சீராகும்வரை உடனிருப்பதும் அதற்காகத்தான்.

கிளம்பும் நேரத்தில் மாமியார் கேட்க நினைத்ததைக் கேட்டார். "குழந்தை பெத்துக்கலாமா சிஸ்டர்?" பெறலாம். ஆனால் திட்டமிட்டு, நரம்பியல் மருத்துவருக்கும் மகப்பேறு மருத்துவருக்கும் முன்கூட்டியே சொல்லி. இந்த வகை வலிப்புக்கு நன்றாகக் கேட்கும் வேல்புரோயேட் என்ற மருந்தை மருத்துவர் அவளுக்கு எழுதாததற்குக் காரணமே அதுதான். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு உடற்குறை வருகிறது. பிற்காலத்தில் கற்றல் திறனும் பாதிக்கப்படலாம். லெவடிரசெட்டத்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சேரும். கர்ப்பத்தில் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கும் என்பதால் மாத்திரையைக் கூட்டவும் நேரலாம். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் தாய்க்கும் கருவுக்கும் பெரிய ஆபத்து. பிறந்தபின் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொடுக்க வேண்டும். துணி மாற்றுவதும் தரையில்தான். குழந்தையைக் குளிப்பாட்டுவது மட்டும் பாட்டியின் வேலை, அல்லது பாட்டி பக்கத்தில் இருக்கும்போது தாயின் வேலை. இரவுப் பாலுக்குத் தாய் ஒவ்வொரு முறையும் எழுந்தால் தூக்கம் கெட்டு வலிப்பு வரும். அதனால் பீய்ச்சி வைத்த பாலைக் கொடுக்க ஒரு வேளையாவது கணவர் எழுந்திருக்க வேண்டும். அதற்கு அலாரம் எந்தக் கைப்பேசியில் வைப்பது என்று செவிலியர் கேட்டபோது, கணவர் தன்னுடையதை எடுத்து நீட்டினார்.